விற்றவன் சொந்தக்காரன் இல்லை, வாங்கியவன் கதி என்ன?

எங்கள் அல்லிநகரத்தில் எனக்குத் தெரிந்த ஒருவருக்கு மலையில் கொஞ்சம் ஏலத்தோட்டம் இருக்கிறது. ஐம்பது கிலோ ஏலக்காயைப் போடியில் ஒரு கமிஷன் வியாபாரியிடம் கொடுத்து, "கிலோ 1500-க்குக் குறைந்து விற்காதே" என்று சொல்லி வந்தார். அந்த ஆள் 1300-க்கு விற்று, 65,000 ரூபாயோடு மறைந்துவிட்டான். "வாங்கினவன் சரக்கைத் திருப்பித் தரணும், பொருள் என்னுது" என்று என்னிடம் வந்து நின்றார். நான் "கிடைக்காது" என்றேன். மனுஷருக்குக் கோபம்.

தன்னுடையது அல்லாததை விற்பவனால் வாங்குபவனுக்கு உரிமை தர முடியாது என்பதுதான் பொது விதி. 1930-ஆம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டம், 27-ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. ஆனால் அதே பிரிவில் ஒரு விலக்கு உண்டு. விற்பவன் வியாபாரத் தரகனாக இருக்க வேண்டும். சொந்தக்காரர் சம்மதத்தோடு சரக்கு அவன் கையில் இருக்க வேண்டும். வழக்கமான வியாபார முறையில் விற்க வேண்டும். வாங்குபவர் நல்லெண்ணத்தோடு, அவனுக்கு அதிகாரம் இல்லை என்பது தெரியாமல் வாங்க வேண்டும். இவ்வளவும் இருந்தால் சரக்கு வாங்கினவருக்கே. 1500 என்ற பேச்சு இவர்கள் இருவருக்குள் நடந்தது; வாங்கினவர் காதில் அது விழவில்லை.

இங்கிலாந்தில் 1923-ல் இதே போல ஒரு கார் வழக்கு வந்தது. 575 பவுனுக்குக் குறையாமல் விற்கச் சொல்லிக் கொடுத்த காரைத் தரகன் 340-க்கு விற்றுவிட்டான். வாங்கியவர் பக்கமே தீர்ப்பு.

இது நியாயம் என்றே நினைக்கிறேன். தரகனை நம்பித் தேர்ந்தெடுத்தவர் சொந்தக்காரர். நஷ்டத்தை அவர்தான் தாங்கி, தரகன் மேல் வழக்குப் போட வேண்டும். ஆனால் அதே சரக்கை 400 ரூபாய்க்கு, ராத்திரியில், பில் இல்லாமல் வாங்கியிருந்தால் நல்லெண்ணம் என்று சொல்ல முடியாது. தரகனே அல்லாத ஒருவனிடம் காயப்போட மட்டும் கொடுத்து, அவன் விற்றிருந்தாலும் இந்த விலக்கு பொருந்தாது.

திருட்டுச் சரக்கு விஷயத்தில்தான் எனக்குக் குறை. கடையில் பில் போட்டு வாங்கியிருந்தாலும் பொருளைச் சொந்தக்காரரிடம் கொடுத்துவிட்டு, விற்றவனைத் தேடி அலைய வேண்டும். நான் காரைக்காலில் பிரெஞ்சில் படித்தவன். 1804-ஆம் வருஷத்துப் பிரெஞ்சு சிவில் சட்டம் இதில் வேறு வழி சொல்கிறது. திருட்டுப் போன பொருளை மூன்று வருஷத்துக்குள் சொந்தக்காரர் கேட்கலாம். ஆனால் வாங்கியவர் அதைச் சந்தையிலோ, அந்தப் பொருளை விற்கும் வியாபாரியிடமோ வாங்கியிருந்தால், அவர் கொடுத்த விலையைத் தந்துதான் மீட்க வேண்டும்.

நாள் வெளிச்சத்தில் சந்தையில் வாங்கியவரை நம் சட்டமும் இப்படிக் காப்பாற்றலாம். அதுவரை பில்லைப் பத்திரமாக வையுங்கள். விலை ரொம்பக் குறைவாக இருந்தால், ஏன் என்று கேட்காமல் பணத்தை எண்ணாதீர்கள்.