தீர்ப்பில் முதலில் சொல்ல வேண்டியது

முக்கியமான ஒரு தீர்ப்பைப் பத்திரிகை வாசகருக்குப் புரியும்படி எழுதச் சொல்வது சட்ட மாணவர்களுக்குத் தரப்படும் பயிற்சிகளில் ஒன்று. அதற்கு மதிப்பெண் போடுகிறவர் நடையழகை மட்டும் பார்த்தால் போதாது. அத்தீர்ப்பால் பாதிக்கப்பட்டவர் அதைப் படித்துவிட்டு, தம் கதி என்ன என்று தெரிந்துகொள்ள முடியுமா? அதுவே சரியான அளவுகோல்.

பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கை எடுத்துக்கொள்வோம். 1981-ல் நடைபாதைக் குடிசைகளை அகற்ற மாநில அரசும் மாநகராட்சியும் முனைந்தன. சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனவர்களுள் ஒருவர், 1961-ல் சேலத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த தொழிலாளி. அவருடைய குடிசை இடிக்கப்பட்டது. குடும்பத்தோடு சேலத்துக்குப் பஸ் ஏற்றப்பட்டார். மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டு, வேலை தேடி மறுபடியும் பம்பாய் நடைபாதைக்கே வந்து சேர்ந்தார்.

1985 ஜூலை 10-ல், தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான ஐந்து நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். உயிர் வாழும் உரிமையில் பிழைப்பு நடத்தும் உரிமையும் அடங்கும் என்றனர். பிழைப்பைப் பறித்தால் உயிரைப் பறித்தது போலத்தான் என்பது அவர்கள் சொன்ன காரணம். இதை மட்டும் எடுத்து, "நடைபாதைவாசிகளுக்கு வெற்றி" என்று எழுதினால் எவரும் ஏமாந்துபோவார்.

ஏனெனில் நடைபாதையில் குடியிருக்க எவருக்கும் உரிமை இல்லை என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. முன்னறிவிப்பின்றி ஆக்கிரமிப்பை அகற்ற மாநகராட்சிச் சட்டத்தின் 314-ம் பிரிவு கமிஷனருக்கு இடம் தருகிறது. அப்பிரிவு செல்லும், ஆயினும் சாதாரணமாக நோட்டீஸ் கொடுத்து, எதிர்த்தரப்பைக் கேட்ட பிறகே அகற்ற வேண்டும் என்றது கோர்ட். ஆனால் இந்த மனுதாரர்களின் வாதத்தைக் கோர்ட்டே கேட்டுவிட்டதால், மறுபடியும் கமிஷனர் கேட்கத் தேவையில்லை என்றும் முடிவாயிற்று.

ஆகவே உத்தரவு என்ன? மழைக்காலத்தை முன்னிட்டு, 1985 அக்டோபர் 31 வரை குடிசைகளை அகற்றக் கூடாது. அதன் பின் அகற்றலாம். 1976 கணக்கெடுப்பில் பதிவானவர்களுக்கு மாற்று இடம் தர வேண்டும். ஆனால் இடம் கொடுத்த பிறகுதான் அகற்றலாம் என்ற நிபந்தனை இல்லை.

வாசகருக்கு எழுதுகிறவர் இந்த உத்தரவைத்தான் முதலில் வைக்க வேண்டும். யாருக்கு, எந்தத் தேதி வரை, எந்த அத்தாட்சி இருந்தால் என்பது தெளிவாக வேண்டும். உரிமை பற்றிய விளக்கம் அதற்குப் பின் வரட்டும். பிற்கால வழக்குகளுக்கு அவ்விளக்கம் பெரிதும் பயன்பட்டது உண்மையே. ஆனால் 1985-ல் நடைபாதையில் படுத்திருந்தவருக்கு வேண்டியிருந்தது அக்டோபர் 31 என்ற தேதியும், 1976 கணக்கெடுப்பில் தம் பெயர் இருக்கிறதா என்ற பதிலும்தான். இவ்விரண்டையும் விட்டுவிட்டு எழுதியதற்கு, தமிழ் எவ்வளவு எளிமையாக இருந்தாலும், தேர்ச்சி மதிப்பெண் கொடுக்கக் கூடாது.