கொக்கு மீனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது

செமஸ்டர் முடியப்போகும் மாதங்களில் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகள் சிலர் நம்மைத் தேடி வருவார்கள். கையில் ஒரு அசைன்மென்ட் தலைப்பு இருக்கும். ஒரு குறுங்கவிதையை எடுத்து வாசகர் எதிர்வினைத் திறனாய்வு முறையில் ஐந்து பக்கம் எழுத வேண்டும். முந்தைய ஆண்டு யாரோ எழுதிய பிரதியும் கூடவே வரும். அதில் மூன்று பக்கம் கோட்பாட்டுச் சுருக்கம். ரோசன்பிளாட், ஐசர், ஃபிஷ் எல்லோரும் பிறந்த ஊரோடு வந்து நிற்பார்கள். மீதி இரண்டு பக்கம் ‘இக்கவிதை என் மனத்தைத் தொட்டது’ என்ற வகை. முன்பாதியில் கவிதை இல்லை, பின்பாதியில் வாசிப்பு இல்லை. மதிப்பெண் மட்டும் எப்படியோ விழுந்துவிடுகிறது.

இந்த இதழின் தலையங்கத்தை அந்தப் பிள்ளைகளுக்காகவே எழுதுகிறோம். எடுத்துக்கொள்ளும் கவிதை குறுந்தொகை 25, கபிலர் பாடியது. ஐந்தே அடி. தமிழ் இலக்கியம் படிக்கிறவர்கள் உ.வே.சா. பதிப்பில் (1937) பார்க்கலாம். ஆங்கில இலக்கியம் படிக்கிறவர்களுக்கு ஏ.கே. ராமானுஜனின் 1967 மொழிபெயர்ப்புத் தொகுப்பில் அது கிடைக்கும். நம் எல்லைப் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு வகையும் உண்டு. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம். 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு சென்னை மாநிலத்துக்குப் போக, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றுவிட்டதன் மிச்சம் இது. இவர்களுக்குத் தமிழ் எழுத்து ஓடாது, வாசித்துக் காட்டினால் பிடிபடும். இந்த முறைக்கு அது குறையே அல்ல. ஏன் என்று கீழே தெரியும்.

முதலில் செய்ய வேண்டியது, பாட்டின் அடியில் இருக்கும் கூற்றுக் குறிப்பை மறைத்துவிடுவது. யார் யாரிடம் எந்தச் சமயத்தில் சொன்னது என்ற அந்த ஒற்றை வரி பிற்காலத்தில் சேர்க்கப்பட்டது. திணைப்பெயர், புலவர் பெயர், உரை எல்லாவற்றையும் மறைக்க வேண்டும். கேம்பிரிட்ஜில் ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் மாணவர்களுக்குச் செய்தது ஏறக்குறைய இதுதான். எழுதியவர் பெயரைச் சொல்லாமல் கவிதைகளைக் கொடுத்து, தோன்றியதை எழுதி வாங்கினார். பதின்மூன்று கவிதைகளுக்கு வந்த அந்தக் குறிப்புகளை ஆராய்ந்து 1929இல் புத்தகமாக்கினார். தேர்ந்த மாணவர்களும் எப்படியெல்லாம் சறுக்குகிறார்கள் என்று அதில் பார்க்கலாம்.

அடுத்து, ஒரு தாளால் பாட்டை மூடிக்கொண்டு அடி அடியாகத் திறப்பது. எழுத்து ஓடாதவர்கள் ஒருவரை வாசிக்கச் சொல்லி, அடிக்கு அடி நிறுத்திக் கேட்கலாம். ஒவ்வொரு அடி முடிவிலும் இரண்டு விஷயத்தை எழுத வேண்டும்: இப்போது என்ன புரிந்திருக்கிறது, அடுத்து என்ன வரும் என்று நினைக்கிறேன். ஒரு வாக்கியம் என்ன சொல்கிறது என்பதோடு, அது வாசிக்கிறவனை வரிசையாக என்னென்ன செய்கிறது என்றும் கேட்க வேண்டும் என்று 1970இல் ஸ்டான்லி ஃபிஷ் வாதிட்டார். அந்தக் கேள்வி நோட்டுப் புத்தகத்துக்கு வந்தால் இப்படித்தான் இருக்கும்.

செய்து பார்ப்போம். முதல் அடியில் அங்கே யாருமே இல்லை என்கிறாள். இருந்தவன் அவன் ஒருவன்தான், அவனும் கள்வன். இந்த இடத்தில் நிறுத்தினால் பலர் திருட்டு என்று எழுதுவார்கள், சிலர் காதல் என்று எழுதுவார்கள். இரண்டும் இருக்கட்டும். இரண்டாம் அடியில், அவன் அதைப் பொய்யாக்கிவிட்டால் நான் என்ன செய்வேன் என்று கேட்கிறாள். அவன் இன்னும் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனித்தவர்கள் மிகக் குறைவு. ‘அவளை ஏமாற்றிவிட்டான்’ என்று இந்த இடத்திலேயே எழுதி முடித்துவிட்ட மாணவர்களைத்தான் அதிகம் பார்க்கிறோம். தமிழ் சினிமா பார்த்து வளர்ந்த நமக்கு அது கைவசம் இருக்கும் கதை. பாட்டு சொல்லும் முன்பே தயாராக நிற்கும் இத்தகைய உணர்ச்சியைத்தான் ரிச்சர்ட்ஸ் அச்சடித்த எதிர்வினை என்று ஒதுக்கினார்.

மூன்றாம் அடிதான் இந்தப் பாட்டின் உயிர். தினைத்தாள் போன்ற சிறிய பசுமையான கால்கள் என்கிறது. யாருடைய கால்கள்? அந்த அடியில் விடை இல்லை. ஆளே இல்லாத இடம் என்று சொன்னவள் திடீரென்று கால்களைக் காட்டுகிறாள். தாளைத் திறக்காமல் இங்கே நின்றவர்கள் செடி என்று எழுதியிருக்கிறார்கள், குழந்தை என்றும் எழுதியிருக்கிறார்கள். நான்காம் அடியில் ஓடும் நீர், அதில் ஆரல் மீன், அதைப் பார்த்திருக்கும் ஒன்று. ஐந்தாம் அடியில்தான் குருகு வருகிறது. அதுவும் அங்கே இருந்தது, அவன் என்னை மணந்த அன்று, என்று பாட்டு முடிகிறது.

இந்த வரிசை முக்கியம். அசையாமல் நிற்கும் குளத்துக்கொக்கை நம் ஊர் ஏலாக்களில் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது அசையும்வரை கண்ணுக்குத் தட்டுப்படாது. பாட்டும் அப்படியே நமக்கு முதலில் ஒரு தாளைக் காட்டி, பிறகுதான் அதைப் பறவையாக்குகிறது. நாம் தாமதமாகக் கண்டுகொள்கிறோம். அவளுக்கும் அப்படித்தான், யாருமில்லை என்று சொன்ன பிறகே குருகின் நினைவு வருகிறது. வாசிக்கிறவருக்கு நேர்ந்த அந்தச் சிறு திருத்தம் அவளுக்கு நேர்ந்ததன் மறுபதிப்பு. ‘மனத்தைத் தொட்டது’ என்பதற்குப் பதிலாக இதை எழுதினால் அது திறனாய்வு. ராமானுஜன் வழியாக வாசித்தவர்கள் இதே குறிப்பை எழுத முடியாது. ஆங்கில வாக்கிய அமைப்பில் பறவை முன்னால் வந்துவிடுகிறது, கால்கள் பின்னால். அவர்கள் தங்களுக்கு நேர்ந்ததை எழுதட்டும். கடன் வாங்க வேண்டாம்.

இனி இடைவெளிகள். பாட்டு சொல்லாமல் விட்டதை வாசகர் இட்டு நிரப்புகிறார் என்பது வுல்ஃப்காங் ஐசரின் வாதம். ஆனால் எங்கே, எதற்குள் நிரப்பலாம் என்பதற்குப் பாட்டே வரம்பு கட்டுகிறது என்பதையும் அவர் சேர்த்தே சொன்னார். நம் மாணவர்கள் பாதியை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். குருகு சாட்சியாக முடியுமா? மாணவி ஒருத்தி எழுதினாள்: அது மீனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது, இவர்களைப் பார்க்கவே இல்லை; ஆகவே இருந்த ஒரே சாட்சிக்கும் கண் வேறு பக்கம். நல்ல வாசிப்பு. நான்காம் அடியில் விரலை வைத்துக் காட்டலாம். இன்னொருவர் குருகைத் தெய்வத்தின் தூதர் என்றார். எந்தச் சொல் உங்களை அங்கே கொண்டுபோனது என்று கேட்டோம். பதில் இல்லை. பறவை இரை தேடிக்கொண்டிருக்கிறது என்று பாட்டே சொல்லும்போது தூதருக்கு அங்கே இடமில்லை.

நினைவுகளை என்ன செய்வது என்பதுதான் பிள்ளைகள் உண்மையில் கேட்க வரும் கேள்வி. விளவங்கோட்டுப் பக்கத்திலிருந்து வந்த ஒரு மாணவன் ‘ஓடும் நீர்’ என்ற இடத்தில் நெய்யாறு இடதுகரைக் கால்வாயைப் பற்றி எழுதியிருந்தான். 2004இல் கேரளம் தண்ணீரை நிறுத்திய பிறகு வாய்க்கால் காய்ந்தது, தாத்தா நெல்லை விட்டு ரப்பர் வைத்தது, எல்லாம் இருந்தது. உருக்கமான இரண்டு பக்கம். இது எதிர்வினையா, பாட்டுக்கு வெளியே போய்விட்ட சொந்த நினைவா? ரிச்சர்ட்ஸ் இரண்டாவதற்குத் தனிப்பெயரே வைத்து, தவறுகளின் பட்டியலில் சேர்த்திருக்கிறார். ஆனால் நினைவு என்பதாலேயே அதை வெட்டிவிட வேண்டியதில்லை. அந்த நினைவோடு மறுபடி பாட்டுக்குத் திரும்பினால் முன்பு காணாத ஏதாவது தெரிகிறதா என்று பார்க்கச் சொன்னோம். தெரிந்தது. நின்றுபோன நீரை அறிந்தவன் என்பதால், பாட்டில் நீர் ஓடிக்கொண்டிருக்கிறது என்பது அவன் கண்ணில் பட்டது. ஓடும் நீரில் தடம் நிற்காது. அன்று அங்கே இருந்த நீரும் போய்விட்டது, அதையும் சாட்சிக்குக் கூப்பிட முடியாது. இரண்டு பக்கம் ஆறு வரியானது. தாத்தாவின் ரப்பர் அந்த ஆறு வரிக்குள் வரவில்லை. அதைத் தனிக் கட்டுரையாக எழுதிக் கொடு, நம் இதழில் போடுகிறோம் என்று சொல்லியிருக்கிறோம்.

ஒரு பத்தி பாட்டுக்குரியதா என்று அறியச் சுலபமான வழி, அந்தப் பத்தியை வேறொரு பாட்டின் கீழே வைத்துப் பார்ப்பது. அங்கேயும் பொருந்தினால் வெட்டிவிடலாம்.

கடைசியாகத்தான் மறைத்து வைத்த குறிப்பைத் திறக்க வேண்டும். திணை குறிஞ்சி. வரைவு, அதாவது திருமணம், தள்ளிக்கொண்டே போவதால் தலைவி தோழியிடம் சொன்னது என்று குறிப்பு சொல்கிறது. படித்ததும் பலர் முதல் குறிப்புகளை அழித்துவிட்டு, ‘சரியான விடை’யை எழுத உட்கார்ந்துவிடுகிறார்கள். அழிக்கக் கூடாது. குறிப்பு வந்த பிறகு என்ன மாறியது என்பதுதான் அசைன்மென்டின் இரண்டாம் பாதி. புலம்பலாகக் கேட்ட குரல் இப்போது தோழியை ஏதாவது செய்யத் தூண்டும் குரலாகக் கேட்கலாம். மணந்த நாள் என்பது கல்யாண நாள் என்று நினைத்தவர்களுக்கு அது களவில் கூடிய நாள் என்று மாறும். மாறியதை மாறியதாகவே தேதியிட்டு எழுதினால் போதும்.

குறிப்புக்கு இவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது? 1971 கோடையில் பஃபலோவில் ஃபிஷ் நடத்திய ஒரு வகுப்பை இங்கே நினைக்கலாம். மொழியியல் வகுப்புக்காகக் கரும்பலகையில் சில ஆய்வாளர் பெயர்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதியிருந்தார். அடுத்து வந்தவர்கள் பதினேழாம் நூற்றாண்டுச் சமயக் கவிதை படிக்கிறவர்கள். பெயர்களைச் சுற்றிக் கட்டம் போட்டு, பக்க எண்ணும் எழுதி, இது நீங்கள் படிக்கும் வகையைச் சேர்ந்த கவிதை என்றார். அவர்கள் அதில் சிலுவையையும் கன்னி மரியாளையும் கண்டு விளக்கினார்கள். கவிதையைக் கண்டுபிடிக்கும் பழக்கம் ஒரு குழுவுக்குள் பயின்று வருவது என்பது அவர் முடிவு. ஐசர் பாட்டில் வைத்த வரம்பை ஃபிஷ் குழுவின் பழக்கத்துக்கு மாற்றிவிட்டார். நம் தமிழ்த்துறை மாணவர் குறிஞ்சி என்றதும் கூடலைக் காண்பதும், அதே பாட்டைக் கேட்கும் மலையாள வழி மாணவர் ஒரு வழக்கையும் சாட்சியையும் காண்பதும் அப்படித்தான். நம் சாய்வு ஐசர் பக்கம். ஆனால் தூதர் என்று எழுதியவரைத் தடுத்தது நான்காம் அடியா, நாம் பழகிய பழக்கமா என்று ஃபிஷ் கேட்டால், முழு நிச்சயத்தோடு பதில் சொல்ல முடியாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

திருத்துகிற ஆசிரியர்களிடமும் ஒன்று கேட்கிறோம். ‘என்ன செய்வேன்’ என்பதைப் பயமாகக் கேட்ட மாணவிக்கும், செல்லச் சீண்டலாகக் கேட்ட மாணவனுக்கும் ஒரே மதிப்பெண் போடலாம், இருவரும் அடியைக் காட்டுகிறவரை. ஆனால் முதல் வாசிப்புக் குறிப்பு இணைக்கப்படாத கட்டுரைக்கு, எவ்வளவு அழகாக இருந்தாலும், பாதிக்கு மேல் போட வேண்டாம். அந்தக் குறிப்புகள் கையெழுத்தில், அடித்தல் திருத்தலோடு, கட்டுரையின் பின்னால் கோக்கப்பட்டிருக்கட்டும்.