கம்பிரசரை மாற்றித் தருவது குறையைத் தீர்ப்பதாகாது
குறைபாட்டுப் பொறுப்புக் காலத்தில் எழுதப்படும் அறிவிப்புக் கடிதம் பற்றி எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

பிறைத் தொழிற்பேட்டையிலும் அதைச் சுற்றியும் கட்டடப் பராமரிப்பைக் கவனிப்பவர்களின் சங்கம் எங்களுடையது. உறுப்பினர்கள் ஒரே கேள்வியைப் பல விதமாகக் கேட்டு வருகிறார்கள். டிஎல்பி, அதாவது குறைபாட்டுப் பொறுப்புக் காலம், இன்னும் முடியவில்லை. புதிய சில்லரில் அதே கம்பிரசர் திரும்பத் திரும்பப் போகிறது. குத்தகையாளரும் முகம் சுளிக்காமல் ஒவ்வொரு முறையும் புதியது ஒன்றைப் பொருத்திவிட்டுப் போகிறார். அப்படியானால் அவர் தம் கடமையைச் செய்து முடித்துவிட்டாரா?

இல்லை என்பதே எங்கள் நிலைப்பாடு. ஒரே இடத்தில் இரண்டாவது முறை கம்பிரசர் போனால் அதைப் புதிய குறையாகப் பதியக் கூடாது. முதல் குறை தீர்க்கப்படவே இல்லை என்று எழுத வேண்டும். உறுப்பினர்கள் அனுப்பும் அறிவிப்புக் கடிதம் கம்பிரசரைக் கேட்பதோடு நிற்காமல் காரணத்தைக் கேட்க வேண்டும். காரணம் தெரியும்வரை அந்தக் குறை மூடப்பட்டதாக யாரும் கையெழுத்துப் போடக் கூடாது.

இதை ஒரு கணக்கோடு விளக்குகிறோம். இது எந்த ஒரு கட்டடத்தின் கதையும் அல்ல, விளக்கத்துக்காக நாங்கள் அமைத்தது. ஆனால் இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு இதன் சாயல் பழக்கமானதுதான்.

ஒரு கட்டடத்தில் 200 டன் கொள்ளளவுள்ள இரண்டு சில்லர்கள், இரண்டும் நீரால் குளிர்விக்கப்படும் ஸ்குரூ வகை. ஒவ்வொன்றிலும் தலா 100 டன்னுக்கு ஏ, பி என்று இரண்டு கம்பிரசர்கள். மார்ச் 1 அன்று பணி நிறைவுச் சான்றிதழ் கிடைத்தது. டிஎல்பி 12 மாதம். பகலில் முதல் சில்லர் ஓடுகிறது, இரவில் 12 மணி நேரம் இரண்டாவது. இந்த இரண்டாவது சில்லரின் பி கம்பிரசர் ஆகஸ்ட் 6 அன்று போனது. மூன்று நாளில் புதியது வந்தது. அக்டோபர் 19 அன்று அதுவும் போனது. மறுபடி மாற்றினார்கள். டிசம்பர் 12 அன்று மூன்றாவதும் போனது. மூன்று முறையும் மோட்டார் சுருள் எரிந்து தரைக்கு இன்சுலேஷன் போயிருந்தது.

மாற்றிய இரண்டு முறையும் சர்வீஸ் ரிப்போர்ட்டில் எழுதியிருந்தது ஒரே வரி: கம்பிரசர் பழுது, மாற்றப்பட்டது, இயந்திரம் நன்றாக ஓடுகிறது. இந்த வரியை நம்பிக் கையெழுத்துப் போடுவதில்தான் கட்டட நிர்வாகம் தன் வாதத்தைத் தானே பாதி இழக்கிறது. அதே இயந்திரத்தின் கண்ட்ரோல் பேனலில் வேறொரு கதை பதிவாகியிருக்கிறது. முதல் கம்பிரசர் 1,140 மணி நேரம் ஓடியிருக்கிறது, 5,700 முறை ஸ்டார்ட் ஆகியிருக்கிறது. இரண்டாவது 510 மணி, 2,550 ஸ்டார்ட். மூன்றாவது 365 மணி, 1,830 ஸ்டார்ட். பக்கத்திலேயே இருக்கும் ஏ கம்பிரசரோ அத்தனை மாதங்களிலும் 210 முறைதான் ஸ்டார்ட் ஆகியிருக்கிறது.

மணியை ஸ்டார்ட் எண்ணிக்கையால் வகுத்துப் பார்த்தால் மூன்றுக்கும் ஒரே விடை வருகிறது: ஒரு ஸ்டார்ட்டுக்கு 12 நிமிட ஓட்டம். இரவு நேரத்தில் கட்டடத்துக்குத் தேவையான குளிர் 15 டன்தான் என்று வைத்துக்கொள்வோம். இந்த அளவுள்ள ஸ்குரூ கம்பிரசர் கால் பங்குக்கு, அதாவது 25 டன்னுக்குக் கீழே தன்னைக் குறைத்துக்கொள்ள முடியாது. எனவே 12 நிமிடம் ஓடும், தண்ணீர் செட் பாயிண்டுக்குக் கீழே போனதும் நிற்கும், டைமர் அனுமதிக்கும் அடுத்த நொடியில் மறுபடி கிளம்பும். ஒவ்வொரு ஸ்டார்ட்டிலும் சுருளில் பாயும் மின்னோட்டம் சூட்டைக் கிளப்புகிறது. எண்ணெயில் கரைந்த குளிர்பொருள் நுரைத்து எண்ணெயையும் இழுத்துக்கொண்டு வெளியேறுகிறது. அந்த எண்ணெய் திரும்பி வந்து சேர்வதற்குள் ஓட்டம் முடிந்துவிடுகிறது. முன்னணிக் கம்பிரசரை ஏ, பி என்று மாற்றி மாற்றி அமைக்கும் வசதி கண்ட்ரோலில் செயல்படாமல் இருந்தால் இந்த அடி முழுவதும் பி ஒன்றின்மேலேயே விழும்.

அது மட்டும் அல்ல. 12 நிமிடம் என்ற அளவு மாறவில்லை, ஆயுள் மட்டும் 5,700 ஸ்டார்ட்டிலிருந்து 2,550, பிறகு 1,830 என்று தேய்கிறது. ஒரே அடி விழும்போது அடுத்தடுத்தது சீக்கிரம் சாவதற்கு வேறொரு காரணம் சேர்ந்திருக்க வேண்டும். மோட்டார் எரிந்தால் எண்ணெயும் குளிர்பொருளும் சிதைந்து அமிலம் உண்டாகும். அந்த அமிலம் குழாய்களிலும் எவாப்பரேட்டரிலும் தங்கிவிடும். எண்ணெயை முழுவதும் மாற்றாமல், ஃபில்டர் டிரையரில் எரிவுக்கான கோர் போடாமல், சில நாள் ஓட்டி அமிலச் சோதனை செய்து மறுபடி கோர் மாற்றாமல் புதிய கம்பிரசரை மட்டும் பொருத்தினால், அந்தப் புதிய சுருளின் வார்னிஷை முதல் நாளிலிருந்தே அமிலம் அரிக்கத் தொடங்கும். பழைய எண்ணெயை ஒரு வெள்ளைக் கண்ணாடிக் குப்பியில் பிடித்துப் பாருங்கள். கறுத்து, மூக்கைத் துளைக்கும் காரமான நெடி அடித்தால் சோதனைக் கிட்டுக்கு முன்பே பாதி விடை தெரிந்துவிடும்.

ஆகவே உறுப்பினர்கள் கடிதத்தில் எழுத வேண்டியது இந்தப் பதிவுகளை, தங்கள் தீர்ப்பை அல்ல. ‘உங்கள் கண்ட்ரோல் புரோகிராம் தவறு’ என்று எழுதிவிட்டால், பிறகு வேறு காரணம் வெளிப்படும்போது கடிதமே பலவீனமாகிவிடும். கடிதம் மலாயிலோ ஆங்கிலத்திலோ போகும். அதன் சாரம் இப்படி இருக்கலாம்:

‘இரண்டாவது சில்லரின் பி கம்பிரசர் ஆகஸ்ட் 6, அக்டோபர் 19, டிசம்பர் 12 ஆகிய நாட்களில் மோட்டார் எரிந்து நின்றது. ஒவ்வொன்றின் ஓட்ட நேரமும் ஸ்டார்ட் எண்ணிக்கையும் அலாரம் பதிவும் இணைக்கப்பட்டுள்ளன. மூன்றையும் ஒரே தீராத குறையாகக் கருதுகிறோம். முந்தைய இரண்டு சர்வீஸ் ரிப்போர்ட்டுகளில் உள்ள எங்கள் கையெழுத்து இயந்திரம் திரும்ப ஓடியதற்கு மட்டுமே சாட்சி, குறை தீர்ந்ததற்கு அல்ல. கழற்றப்படும் கம்பிரசரை எங்கள் எழுத்து ஒப்புதல் இல்லாமல் வளாகத்திலிருந்து எடுத்துச் செல்லக் கூடாது. இரு தரப்பும் கன்சல்டண்ட் பொறியாளரும் இருக்கும்போது அதைத் திறந்து பார்க்க 7 நாட்களுக்குள் ஒரு தேதி தரவும். எண்ணெய் அமிலச் சோதனை முடிவும், மூன்று ஃபேஸ் மின்னழுத்தப் பதிவும், காரணத்தை விளக்கும் அறிக்கையும் அதன் பிறகு 14 நாட்களுக்குள் வேண்டும். அதுவரை தற்காலிகக் குளிரூட்டலுக்கு உங்கள் ஏற்பாட்டைத் தெரிவிக்கவும்.’

இதில் பலர் விட்டுவிடுவது கழற்றிய கம்பிரசரைப் பற்றிய வரி. பழையதைத் திருப்பித் தந்தால்தான் தயாரிப்பாளரிடம் வாரண்டி கிடைக்கும் என்று சொல்லி சப்ளையரின் லாரி மறுநாளே வந்துவிடும். அது போனதும் ஆதாரமும் போய்விடும். சுருள் ஒரே சீராகக் கருகியிருந்தால் அது சூட்டின் அடையாளம். ஒரு ஃபேஸ் மட்டும் கருகியிருந்தால் மின்சாரத்தை முதலில் சந்தேகிக்க வேண்டும். பேரிங் தேய்ந்து ரோட்டர் உரசியிருந்தால் எண்ணெயைத் தேட வேண்டும். திறந்து பார்க்காமல் இவற்றில் எதையும் பிரித்துச் சொல்ல முடியாது.

கடிதம் யாருக்குப் போக வேண்டும் என்பதிலும் எங்களுக்கு உறுதியான கருத்து உண்டு. சில்லர் சப்ளையருக்குப் போன் செய்து வேலையை முடித்துக்கொள்வது வேகமான வழிதான், ஆனால் உங்களுக்கும் அவருக்கும் இடையே ஒப்பந்தம் இல்லை. தயாரிப்பாளர் வாரண்டி பெரும்பாலும் பாகத்தைத் தரும், காரணத்தைத் தேடித் தராது. பாம் ஒப்பந்தப் படிவத்தின் 15ஆம் பிரிவின் கீழ் குறையைச் சரிசெய்யும் கடமை பிரதானக் குத்தகையாளருடையது, அதற்கான உத்தரவு கட்டடக் கலைஞர் வழியாகப் போகிறது. எனவே கட்டடக் கலைஞருக்குக் கடிதம், குத்தகையாளருக்கு அவர் வழி உத்தரவு, சப்ளையருக்கு நகல். காலம் முடிந்து 14 நாட்களுக்குள் தரப்படும் இறுதிக் குறைப் பட்டியலுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அவசரக் குறைக்கு நடுவிலேயே உத்தரவிடலாம்.

கோபத்தில் வேறொரு நிறுவனத்தை அழைத்து வேலையை முடித்துவிடுவது இன்னொரு பொறி. இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1999இல் பியர்ஸ் அண்ட் ஹை எதிர் பாக்ஸ்டர் வழக்கில் இதை அலசியது. அறிவிப்புக் கொடுக்காத உரிமையாளர் இழப்பீட்டு உரிமையை முழுவதும் இழப்பதில்லை என்று நீதிமன்றம் சொன்னது. ஆனால் அறிவிப்புக் கிடைத்திருந்தால் குத்தகையாளருக்கு எவ்வளவு செலவாகியிருக்குமோ, அதற்கு மேல் கேட்க முடியாது. வெளியாள் 80,000 ரிங்கிட் வாங்கி, குத்தகையாளரால் அதையே 45,000க்கு முடித்திருக்க முடியும் என்றால், மீதி 35,000 உரிமையாளரின் தலையில். மலேசிய நீதிமன்றங்களை இந்தத் தீர்ப்பு கட்டுப்படுத்தாது என்றாலும் வாதத்தில் எடுத்து வைக்கப்படும் என்று எதிர்பார்த்துத்தான் நடக்க வேண்டும். கடிதம், பதிலுக்கு நியாயமான அவகாசம், பதில் வராவிட்டால் வெளியாளை அமர்த்தப்போவதாக இரண்டாவது கடிதம், அதன் பிறகே வெளியாள்.

குத்தகையாளர்களுக்கும் நியாயம் உண்டு, அதை மறைக்க மாட்டோம். வழக்கமான ஒப்பந்தத்தில் அவர் பொறுப்பு பொருளுக்கும் வேலைத்தரத்துக்கும்தான், வடிவமைப்புக்கு அல்ல. இரவுச் சுமை 15 டன் என்று தெரிந்தும் கன்சல்டண்ட் இவ்வளவு பெரிய இயந்திரத்தைத் தேர்ந்திருந்தால், குத்தகையாளருக்கு எழுதும் குறைபாட்டுக் கடிதம் தவறான வாசலைத் தட்டுகிறது. கோரிக்கை கன்சல்டண்ட்டிடம் போக வேண்டும். மாறாக, முன்னணிக் கம்பிரசரை மாற்றும் வசதி ஸ்பெசிபிகேஷனில் கேட்கப்பட்டு, கமிஷனிங்கில் இயக்கப்படாமல் விடப்பட்டிருந்தால் அது குத்தகையாளரின் குறை. முதல் எரிவுக்குப் பிறகு அமிலத்தைச் சுத்தம் செய்யாதது எப்படிப் பார்த்தாலும் அவருடையது, ஏனென்றால் அது பழுதுபார்க்கும் வேலையின் தரம். எங்கள் ஆட்களே செட் பாயிண்டை மாற்றியிருந்தாலோ கூலிங் டவர் நீரைக் கவனிக்காமல் விட்டிருந்தாலோ அந்தப் பங்கை நாங்கள் ஏற்க வேண்டும். கண்டென்சர் அப்ரோச் வெப்பநிலையைத் தினமும் குறித்து வைத்திருப்பவருக்கு இந்த விவாதத்தில் பயம் இல்லை. லாக் புத்தகம் வெறுமையாக இருப்பவர் முதல் பதில் கடிதத்திலேயே திணறுவார்.

நான்காவது கம்பிரசர் ஜனவரியில் வந்து, டிஎல்பி பிப்ரவரி கடைசியில் முடிகிறது என்றால் என்ன செய்வது? மாற்றிய பாகத்துக்குப் புதிதாக 12 மாதம் தானாகத் தொடங்கும் என்று பலர் நம்புகிறார்கள். ஒப்பந்தத்தில் எழுதாமல் அப்படி ஆகாது. 1999 ஃபிடிக் படிவத்தில் முக்கிய இயந்திரம் குறையால் பயன்படாமல் போனால் காலத்தை நீட்டிக்க 11.3 பிரிவும், காரணத்தைத் தேடக் குத்தகையாளரைப் பணிக்க 11.8 பிரிவும் இருக்கின்றன. நீட்டிப்பு இரண்டு ஆண்டைத் தாண்டாது. உள்ளூர் ஒப்பந்தங்களில் சிறப்பு நிபந்தனையாக இவ்விரண்டையும் சேர்க்க வேண்டும் என்பது எங்கள் கோரிக்கை. ஏற்கெனவே கையெழுத்தான ஒப்பந்தம் என்றால், காரண அறிக்கை ஏற்கப்படும்வரை குறை நீக்கச் சான்றிதழ் தராமல் இருக்கும்படி கட்டடக் கலைஞரிடம் எழுத்தில் கேளுங்கள். பாம் படிவத்தில் பிடித்தப் பணத்தின் இரண்டாம் பாதி அந்தச் சான்றிதழோடுதான் விடுவிக்கப்படுகிறது. அந்தப் பணத்தைக் கேட்டு 2012ஆம் ஆண்டு சிப்பா சட்டத்தின் கீழ் குத்தகையாளர் தீர்ப்பாளரிடம் போனால், தேதியிட்ட கடிதங்களும் பேனல் பதிவுகளும்தான் உங்கள் பதில் மனுவைத் தாங்கும்.

டிஎல்பி முடிந்தாலும் ஒப்பந்த மீறலுக்கான கோரிக்கை செத்துவிடுவதில்லை. 1953ஆம் ஆண்டு காலவரம்புச் சட்டம் மீறல் நடந்த நாளிலிருந்து 6 ஆண்டு தருகிறது. திரும்பி வந்து சரிசெய்யும்படி குத்தகையாளருக்கு உத்தரவிடும் எளிய வழிதான் அடைபடுகிறது. ஆகவே முதல் கம்பிரசர் போன வாரத்திலேயே பேனல் பதிவைப் படமெடுத்து, எண்ணெய் மாதிரியைக் குப்பியில் தேதி ஒட்டி எடுத்து வையுங்கள், இரண்டாவது போகும் என்று தெரியாதபோதே. கடித மாதிரியும் பதிவுத் தாளும் சங்கத்தின் தொழில்நுட்பக் குழுவிடம் கிடைக்கும். குத்தகையாளர் நிறுவனங்களும் கேட்டால் தருவோம்.