சுருட்டை முடிக்கு ஒரு சாட்சி

"முடி ஓரம் கத்தரிச்ச மாதிரி இருக்கு, கண்ணாடிக்குள்ள சுவர் தெளிவா தெரியுது. அப்போ இது ஏஐ படம்தான்." இப்படித் தீர்ப்பு சொல்பவர்கள் இப்போது தெருவுக்கு நாலு பேர். அவர்களோடு எனக்குச் சண்டை இருக்கிறது.

விம்கோ நகரில் எங்கள் பக்கத்து வீட்டு அக்காவை ஒரு தம்பி போனில் போர்ட்ரெய்ட் மோடில் எடுத்தான். சுருட்டை முடி, மைனஸ் ஐந்து பவர் கண்ணாடி, பின்னால் விளம்பரம் எழுதிய மதில். படத்தைப் பார்த்தவர்கள் "பொய்"னு சொல்லிட்டாங்க. அக்காவோ ரத்தமும் சதையுமாகப் பக்கத்தில் நிற்கிறார்.

நடந்தது இதுதான். போனின் சின்ன லென்ஸில் முகமும் மதிலும் கிட்டத்தட்ட ஒரே தெளிவோடு பதிகின்றன. பிறகு போன் ஆள் எது, பின்னணி எது என்று கணக்கிட்டு ஒரு கோடு கிழித்து, கோட்டுக்கு வெளியே இருப்பதை மங்கலாக்குகிறது. பறக்கும் ஒற்றை முடி அந்தக் கோட்டைவிட மெல்லியது. ஒரே புள்ளியில் பாதி முடி, பாதி மதில். அந்தப் புள்ளி பின்னணிப் பக்கம் விழுந்தால் முடி கரைந்துபோகும். ஆள் பக்கம் விழுந்தால் தலையைச் சுற்றி மங்காத மதில் ஒட்டிக்கொண்டிருக்கும். படிய வாரிய தலைக்கு இந்தத் தொல்லை குறைவு. அடி வாங்குவது சுருட்டை முடிதான்.

கண்ணாடி விஷயம் இன்னும் சுவாரசியம். மைனஸ் கண்ணாடி வழியாகப் பார்த்தால் கன்னத்தின் ஓரம் உள்ளே தள்ளித் தெரியும். அந்த இடைவெளியில் மதில் எட்டிப் பார்க்கும். மைனஸ் ஐந்து என்றால், தூரத்து மதிலின் பிம்பம் கண்ணாடிக்குப் பின்னால் சுமார் 20 சென்டிமீட்டரிலேயே, முகத்துக்குப் பக்கத்திலேயே விழுகிறது. அதனால் பெரிய கேமராவில் எடுத்தாலும், வெளியே மங்கும் மதில் கண்ணாடிக்குள் ஓரளவு தெளிவாகவே இருக்கும். நம் துப்பறிவாளர்கள் குற்றம் என்று காட்டுவது ஒளியியலின் சாதாரண வேலை.

சந்தேகப்பட வேண்டியது நேரெதிர் இடத்தில். தடித்த மைனஸ் கண்ணாடிக்குள்ளும் கன்னக் கோடு இம்மியும் நகராமல் நேராக ஓடுகிறதா? அப்போது கேளுங்கள். முடி வெட்டுப்பட்டது, மங்கல் கணக்கில் செய்தது என்பதற்கு மட்டுமே சாட்சி. ஆள் இல்லை என்பதற்கு அல்ல.

எதுக்கு இவ்வளவு கோபம்? 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தபோது, படகிலும் வலையிலும் ஒட்டிய கறுப்பை மீனவர்கள் உலகுக்குக் காட்டியது படங்களால்தான். நாளைக்கு அப்படி ஒரு முகத்தை, "முடி ஓரம் சரியில்லையே" என்று ஒரே வரியில் தள்ளிவிட முடியும். அந்த வசதியை யாருக்குச் செய்து கொடுக்கிறோம்?

அதனால் சாட்சிக்கு எடுக்கும்போது போர்ட்ரெய்ட் மோடை அணைத்துவிடுங்கள். மதிலும் புகைபோக்கியும் மங்காமல் நிற்கட்டும். எந்த ஊர் என்று அவைதானே சொல்கின்றன. ஏற்கெனவே எடுத்துவிட்ட படமென்றால், தீர்ப்பு எழுதும் முன் மங்கலாக்காத மூலப் படத்தைக் கேளுங்கள். அதைக்கூடக் கேட்காதவருக்கு அக்காவின் சுருட்டை முடியைப் பற்றிப் பேச என்ன தகுதி?