பன்னிரண்டு நாள்

வேடசந்தூர் பக்கத்துக் காலனி ஒன்றில் அந்த அக்காவைச் சந்தித்தேன். ஆய்வுக்காக நூற்பாலைத் தொழிலாளர்களிடம் சம்பளச் சீட்டுகளைச் சேகரித்துக் கொண்டிருந்த நேரம். காண்ட்ராக்டரின் வேனில் போய் ரிங் பிரேமில் நின்றுவிட்டு வருகிறவர். முதுகு வலி முற்றி, 40 நாள் ஓய்வெடுக்கும்படி இ.எஸ்.ஐ. மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தார். மருந்து கிடைத்தது. ஓய்வு நாட்களுக்கான பணம் கிடைக்கவில்லை. கேட்கப் போனவரிடம், "78 நாள் இருக்கணும்மா, உனக்கு 72தான் இருக்கு" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

"தம்பி, ஏப்ரல்லருந்து செப்டம்பர் வரைக்கும் ஞாயித்துக்கெழமை தவிர நான் ஒருநா லீவு போட்டதில்ல. பெறகு எப்புடி 72 நாளு?"

அவருடைய பி.எஃப். கணக்கைத் திறந்து பார்த்தோம். மாதம் 25 நாள் உழைத்தவருக்கு 12 நாள் சம்பளம்தான் கணக்கில் ஏறியிருந்தது. ஆறு மாதத்துக்கு 72. இ.எஸ்.ஐ. விதிப்படி ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான ஆறு மாதத்தில் 78 நாட்களுக்குப் பங்களிப்பு இருந்தால்தான், அடுத்து வரும் ஜனவரி முதல் ஜூன் வரை நோயுற்ற காலத்துக்கு உதவித்தொகை கிடைக்கும். ஆறு நாள் குறைந்ததால் அவருக்கு ஒன்றுமில்லை.

இது எழுத்தர் செய்த பிழை அல்ல. குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தை ஏமாற்றும் வழி இது. அதிகாரியோ வெளிநாட்டு பிராண்டின் தணிக்கையாளரோ பதிவேட்டைத் திறந்தால் முதலில் பார்ப்பது நாள் கூலி எவ்வளவு என்பதைத்தான். ஆகவே அங்கே கை வைப்பதில்லை. நாட்களின் எண்ணிக்கையில் கை வைக்கிறார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சட்டப்படி தர வேண்டிய நாள் கூலி 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 25 நாளுக்கு 12,500. காண்ட்ராக்டர் பேசி முடித்ததோ நாளுக்கு 400, மாதம் 10,000. இதை அப்படியே எழுதினால் மாட்டிக்கொள்வார். ஆகவே 12 நாள், நாளுக்கு 500 என்று எழுதி 6,000 ரூபாயை வங்கியில் போடுகிறார். மீதி 4,000 கவரில் ரொக்கமாக வருகிறது. ஏட்டில் எந்தச் சட்டமும் மீறப்படவில்லை. அவர் வேலை செய்த 13 நாட்கள் மட்டும் காணாமல் போய்விட்டன. பி.எஃப். அலுவலகத்துக்கு மாதந்தோறும் ஏற்றும் கோப்பில் NCP_DAYS என்று ஒரு கட்டம் உண்டு. பங்களிப்பு இல்லாத நாட்களை எழுத வேண்டிய இடம் அது. அவர் நின்று உழைத்த 13 நாட்களும் சம்பளமில்லாத நாட்களாக அதற்குள் போய்விடுகின்றன.

இதில் யாருக்கு எவ்வளவு? கூலியில் மாதம் 2,500 மிச்சம். பி.எஃப்.பில் நிர்வாகத்தின் பங்கு 12 சதவீதம். 1,500 கட்ட வேண்டிய இடத்தில் 720 கட்டுகிறார்கள். இ.எஸ்.ஐ.யில் 3.25 சதவீதம்; 407 கட்ட வேண்டிய இடத்தில் 195. எல்லாம் சேர்த்தால் ஒரு பெண்ணிடமிருந்து மாதம் 3,492 ரூபாய். நூறு பெண்கள் என்றால் மூன்றரை லட்சத்தைத் தொடும்.

"முழுச் சம்பளத்துக்கும் பி.எஃப். பிடிச்சா கையில் குறையும், அவங்களே வேணாங்கிறாங்க" என்று காண்ட்ராக்டர்கள் சொல்வார்கள். படித்தவர்களும் இதைத் திருப்பிச் சொல்கிறார்கள். 12,500ல் அவருடைய பி.எஃப். பங்கு 1,500, இ.எஸ்.ஐ. பங்கு 94 போனால் கையில் 10,906 நிற்கும். இப்போது 10,000ல் 720, 45 போக நிற்பது 9,235. சட்டப்படி பிடித்தாலும் அவருக்கு அதிகமாகத்தான் கிடைக்கும். கையில் குறைவது பி.எஃப். பிடிப்பதால் அல்ல, கூலியைத் திருடுவதால். நோயுற்ற காலத்தில் முதல் இரண்டு நாள் போக 38 நாளுக்கு, 500ல் 70 சதவீதமான 350 வீதம் 13,300 ரூபாய் அவருக்கு வந்திருக்க வேண்டும். அதுவும் போனது.

"நீங்க கேக்கலையாக்கா?" என்றேன்.

"அவரு ஊர்க்காரரு தம்பி. நாளைக்கு வேன் இங்கன வராது."

இந்தப் பதிலில்தான் சாதி இருக்கிறது. காண்ட்ராக்டர் ஊர்த்தெருவில் ஆதிக்க சாதி வீட்டுப் பையன். வயதில் இவருடைய மகனைப் போன்றவன். அவன் இவரைப் பெயர் சொல்லி "வா, போ" என்கிறான். இவர் அவனை "ஐயா" என்கிறார். வேன் அவனுடையது, அவசரக் கடனும் அவனிடம்தான். பி.எஃப். கணக்கில் பதிந்திருக்கும் கைபேசி எண்கூட அவனுடையதாகவே இருந்தது. இவர் பணத்தைப் பற்றிய குறுஞ்செய்தி இவருக்கு வராமல் அவனுக்குப் போகிறது. பண்ணையில் களத்துமேட்டில் நின்று நெல் அளந்து போட்ட அதே கை, இன்று ஆலை வாசலில் நாட்களை அளந்து போடுகிறது. சேரிப் பெண்கள் பதிவேட்டைக் காட்டு என்று கேட்க மாட்டார்கள் என்ற சாதித் தைரியம் இல்லாமல் இந்தக் கணக்கு ஒரு மாதம்கூட ஓடாது.

ஆலை நிர்வாகம் "அது காண்ட்ராக்டர் விவகாரம்" என்று கை கழுவும். 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. கூலி கொடுக்கும் இடத்தில் ஆலையின் பிரதிநிதி நிற்க வேண்டும், தன் முன்னிலையில் கொடுக்கப்பட்டது என்று கையெழுத்திட வேண்டும், குறைந்தால் ஆலையே கொடுக்க வேண்டும் என்றது. அந்தக் கையெழுத்து எல்லாப் பதிவேடுகளிலும் இருக்கிறது. கவர் கொடுக்கப்பட்ட இடத்தில் அந்த மனிதர் ஒருநாளும் இருந்ததில்லை. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொகுப்புச் சட்டம், ஒப்பந்தத் தொழிலாளர் விதிகள் பொருந்தும் வரம்பை 20 பேரிலிருந்து 50 பேராக உயர்த்திவிட்டது. இனி 49 பேர் வைத்த காண்ட்ராக்டர்கள் முளைப்பார்கள்.

இந்தப் பொய்யைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. மூன்று ஷிப்ட் ஓடும் ஆலையில் ஒரு ஷிப்டுக்கு இத்தனை பிரேமுக்கு இத்தனை பேர் என்று கணக்கு உண்டு. உற்பத்திப் பதிவேட்டையும் வாசல் பதிவேட்டையும் சம்பளப் பதிவேட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் போதும். எல்லோரும் 12 நாள்தான் வந்தார்கள் என்றால் மீதி நாட்களில் நூல் நூற்றது யார்? தணிக்கையாளர்கள் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை, சம்பள ஏட்டை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

இதே மாவட்டத்தில் 2021 ஜனவரியில் ஜெயஸ்ரீ கதிரவேல் என்ற தலித் பெண் தொழிலாளி கொல்லப்பட்ட பிறகு, தலித் பெண்கள் தலைமையேற்ற தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் போராடியது. 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன்படி பாலினச் சீண்டலையும் சாதிப் பாகுபாட்டையும் கண்காணிக்க, ஆலைக்குள் வேலை செய்கிற தொழிலாளர்களே கண்காணிப்பாளர்கள் ஆனார்கள். பெண்ணின் உடல்மீது விழும் கையைப் பார்க்க ஷிப்டில் கூட நிற்பவளுக்கு உரிமை உண்டு என்றால், அவள் நாளை அழிக்கும் கையைப் பார்க்கவும் உரிமை வேண்டும். வருகை அட்டை தொழிலாளி கையில் இருக்க வேண்டும், தினமும் கையெழுத்தாக வேண்டும், மாதக் கடைசியில் ஏற்றப்படும் நாட்கள் வேலையிடத்தில் ஒட்டப்பட வேண்டும். இது எல்லா நூற்பாலைகளுக்கும் பொருந்த வேண்டும்.

1946ல் குறைந்தபட்சக் கூலி மசோதாவை மத்திய சட்டசபையில் கொண்டுவந்தவர், அப்போது தொழிலாளர் துறையைக் கையில் வைத்திருந்த அண்ணல் அம்பேத்கர். கூலியைச் சட்டம் ஆக்கினோம். நாளை எண்ணும் அதிகாரத்தை இன்னும் ஊர்த்தெருவிடமே விட்டு வைத்திருக்கிறோம்.

அந்த அக்காவின் கணக்கில் அவருடைய மகளின் கைபேசி எண்ணை மாற்றிப் பதிந்தோம். இப்போது வீட்டுக் காலண்டரில் வேலைக்குப் போன நாளையெல்லாம் வட்டமிட்டு வருகிறார். அடுத்த தெருப் பெண்கள் நான்கு பேரும் வட்டமிடத் தொடங்கியிருக்கிறார்கள்.