கேரிக்கு ஏன் பேராசிரியர் பதவி கிடைக்கவில்லை?

ஐரோப்பிய மதச் சீர்திருத்தம் பற்றிய கட்டுரை வினா பெரும்பாலும் இரு பகுதிகளாக வரும். திருச்சபையின் அதிகாரம் எப்படி உடைந்தது என்பது முதல் பகுதி. அதனால் அரசியல் எப்படி மாறியது என்பது இரண்டாவது. முதல் பகுதியை மாணவர்கள் நன்றாகவே எழுதுகிறார்கள். 1517, பாவமன்னிப்புச் சீட்டு, லூத்தர் என எல்லாம் வந்துவிடுகின்றன. இரண்டாவதற்கு, “மன்னர்கள் வலுப்பெற்றார்கள், மக்களுக்கு மதச் சுதந்திரம் கிடைத்தது” என்று இரண்டே வரிகள். அதில் பின்பாதி தவறு.

போப்பின் சொல் செல்லாது என்றான பிறகு, ஆயரை யார் நியமிப்பது, திருச்சபையின் நிலம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்விகள் எழுந்தன. டென்மார்க்கில் 1536-ல் மூன்றாம் கிறிஸ்டியன் ஆயர்களைச் சிறையிலடைத்து, அவர்களுடைய நிலங்களை அரசுடைமையாக்கினார். இங்கிலாந்தில் அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே எட்டாம் ஹென்றி திருச்சபையின் தலைவராகியிருந்தார். 1555-ல் ஆக்ஸ்பர்க் உடன்படிக்கை, ஜெர்மானிய நாடுகளில் ஆள்பவரின் மதமே நாட்டின் மதம் என்றது. அதிகாரம் மறையவில்லை, கைமாறியது. இனி மன்னரின் திருச்சபையை மறுப்பவர் அரசையே மறுப்பவராகப் பார்க்கப்பட்டார்.

இதன் விளைவு கொல்கத்தா வரை வந்தது. அங்கே பணியாற்றிய ஆங்கிலேய மிஷனரி வில்லியம் கேரி பாப்டிஸ்ட். நம்பிக்கையை அறிக்கையிட்டவர்களுக்கு மட்டுமே ஞானஸ்நானம் என்பது பாப்டிஸ்டுகளின் கொள்கை. அப்படியானால் திருச்சபை விரும்பிச் சேர்ந்தவர்களின் கூட்டம். நாட்டில் பிறந்ததாலேயே ஒருவர் அதில் உறுப்பினராகிவிட முடியாது, மன்னர் அதற்குத் தலைவராகவும் முடியாது.

1799-ல் கேரியின் தோழர்கள் மார்ஷ்மேனும் வார்டும் வந்திறங்கியபோது, கிழக்கிந்தியக் கம்பெனி மிஷனரிகளை அனுமதிக்கவில்லை. கம்பெனியின் அச்சம் பெரும்பாலும் வணிகத்தையும் ஆட்சியையும் பற்றியது என்பதையும் சொல்ல வேண்டும். ஹூக்ளிக் கரையில் டேனியர் வசமிருந்த செராம்பூரின் ஆளுநர் ஓலே பீ அவர்களைக் கம்பெனியிடம் கையளிக்க மறுத்தார். 1800 ஜனவரியில் கேரியும் அங்கே சேர்ந்தார்.

மறு ஆண்டே கம்பெனிக்கு அவர் தேவைப்பட்டார். கொல்கத்தாவின் வில்லியம் கோட்டைக் கல்லூரியில் வங்காளம் கற்பிக்க அவரைவிடத் தகுந்த ஐரோப்பியர் இல்லை. ஆனால் அங்கே பேராசிரியர் பதவி இங்கிலாந்துத் திருச்சபையினருக்கே உரியது. எனவே கேரிக்கு ‘ஆசிரியர்’ என்ற பெயரும் மாதம் 500 ரூபாய் சம்பளமும்தான். பேராசிரியர் பதவி 1807-ல்தான் வந்தது.

சீர்திருத்தம் தொடங்கி இரண்டரை நூற்றாண்டுக்கு மேலாகியும் ஒரு மொழியாசிரியரின் பதவியை அவர் எந்தத் திருச்சபையைச் சேர்ந்தவர் என்பது தீர்மானித்தது. அதே மனிதரின் செராம்பூர் கல்லூரிக்குப் பட்டம் வழங்கும் உரிமையை 1827-ல் அளித்தவர் டென்மார்க்கின் ஆறாம் ஃபிரடெரிக். அவரும் லூத்தரன் திருச்சபையின் தலைவராயிருந்த மன்னரே. இங்கிலாந்தில் பாப்டிஸ்டுகளை அரசுப் பதவிகளிலிருந்து விலக்கி வைத்த சட்டம் அதற்கு அடுத்த ஆண்டுதான் நீக்கப்பட்டது.

(கட்டுரையாளர் கொல்கத்தாவில் ஐரோப்பிய வரலாறு கற்பிப்பவர்.)