தீபாவளிக்குக் கட்டிய ஆயிரம் ரூபாய்

போன வாரம் காரைக்காலில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அக்காவின் கல்விக்கடன் ஸ்டேட்மெண்டை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். பி.காம் படிக்கிற பையன் வீட்டில் இருந்தால் வரிக் கணக்கு அவன் தலையில்தானே விழும்! கடன் அக்கா, அப்பா இருவர் பெயரிலும் இருக்கிறது. கட்டுவது அப்பா. அவருக்கு அரசு சம்பளம், 20 சதவீத வரி, பழைய வரி முறை. புதிய முறையில் இருப்பவர்களுக்கு இந்தக் கழிவே கிடையாது. அவர்கள் மேலே படிப்பது பொழுதுபோக்குக்கு மட்டும் :)

1961 சட்டத்தின் 80-இ பிரிவு சொல்வது இதுதான்: மேல்படிப்புக் கடனுக்கு அந்த வருடம் கட்டிய வட்டியை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். உச்சவரம்பு இல்லை, அசலுக்கு எதுவும் இல்லை. 2026 ஏப்ரல் முதல் புதிய சட்டத்தில் பிரிவு எண் மாறினாலும் கழிவு தொடர்கிறது. இதில் எல்லாரும் தாண்டிப் போகிற சொல் "கட்டிய".

எங்கள் கணக்கையே பாருங்கள். படிப்பு 2016 முதல் 2020 வரை, அதன் பிறகு ஒரு வருட அவகாசம். வட்டியும் சேர்ந்து 2021 அக்டோபர் தொடக்கத்தில் பாக்கி 5,00,000. வட்டி 9.6 சதவீதம், அதாவது மாதம் 0.8. தவணை 6,500, பத்து வருடம். (நாள் கணக்கை விட்டுவிட்டு முழு ரூபாயாக்கி எழுதுகிறேன்.) மாதக் கடைசியில் வங்கி வட்டியைப் பற்று எழுதும். மறுநாள் 1-ம் தேதி தவணை வரவாகும். அக்டோபர் 31-ல் 4,000, அடுத்த மாதங்களில் 3,980, 3,960, 3,940, 3,919, மார்ச் 31-ல் 3,898. ஆறு பற்றும் சேர்ந்து 23,697. வங்கி கொடுத்த சான்றிதழிலும் அதே தொகை.

ஆனால் அந்த நிதியாண்டில் அப்பா கட்டியது நவம்பர் முதல் மார்ச் வரை ஐந்து தவணை, 32,500. அதில் பாக்கி குறைந்தது 12,701. மீதி 19,799 தான் கட்டிய வட்டி. மார்ச் 31-ல் பற்று வைத்த 3,898 ஏப்ரல் 1-ல்தான் கட்டப்பட்டது, ஆகவே அது அடுத்த வருடக் கணக்கு. சான்றிதழ் காட்டுவது விதித்த வட்டியை, சட்டம் கேட்பது கட்டிய வட்டியை. "கட்டிய வட்டி" என்று தனியாக ஒரு வரி அச்சடிக்க வங்கிக்கு என்ன செலவாகிவிடும்? சரிபார்ப்பதும் சுலபம்தான்: வருடத்தில் கட்டிய மொத்தத் தொகையிலிருந்து அசல் குறைந்த தொகையைக் கழியுங்கள், தவணை தவறாமல் போயிருந்தால் வருவதுதான் விடை. வரவுப் பக்கத்தில் அரசின் வட்டி மானியம் இருந்தால் அதைச் சேர்க்காதீர்கள், அது நாம் கட்டியதல்ல.

இதுவரை நாலாயிரம் ரூபாய் சமாச்சாரம். வலித்தது வேறு இடத்தில்.

ஸ்டேட்மெண்டின் பழைய பக்கங்களில் 2016 நவம்பரில் ஒரு 1,000 ரூபாய் வரவு, வட்டியில் சேர்க்கப்பட்டது. பிறகு ஒவ்வொரு தீபாவளி சமயத்திலும் ஓர் ஆயிரம். "கடன் தலைக்கு மேலே ஏறக்கூடாதுன்னு போனஸ் வந்ததும் கட்டினேன்டா" என்றார் அப்பா. நல்ல எண்ணம்தான். ஆனால் இந்தக் கழிவு வட்டி கட்டத் தொடங்கிய வருடமும் அடுத்த ஏழு வருடங்களும் மட்டுமே, மொத்தம் எட்டு. தவணை எப்போது தொடங்கியது என்று சட்டம் கேட்கவில்லை. ஆக அப்பாவின் எட்டு வருடம் 2016-17ல் தொடங்கி 2023-24ல் முடிந்துவிட்டது. நிஜமான தவணை வருடங்களில் கழிவு கிடைத்தது மூன்றே வருடத்துக்கு. அந்த ஆயிரங்களை அவர் கழிவில் காட்டவும் இல்லை, ஆனால் காட்டாததால் கணக்கு நின்றுவிடாது. இடையில் புதிய முறைக்குப் போனாலும் நிற்காது.

கட்டாமல் விட்டிருந்தால் 2021-22ல் தொடங்கி 2028-29 வரை வந்திருக்கும். வட்டி விகிதம் மாறாவிட்டால் கைவிட்டுப் போன ஐந்து வருட வட்டி சுமார் 1,48,600. செஸ் சேர்த்து 20.8 சதவீதம் என்றால் ஏறக்குறைய 31,000 ரூபாய் வரி.

அதற்காகப் படிக்கும்போது வட்டியே கட்டாதீர்கள் என்று சொல்லவில்லை. மாதாமாதம் முழு வட்டியையும் கட்டினால் அது அசலில் ஏறாது. இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டப்படி 1 சதவீதம் வட்டிச் சலுகைக்கும் வழி உண்டு. அது தனிக் கணக்கு, பலருக்கு லாபமாகவே இருக்கும். அப்பா செய்தது போல நடுவாந்திரமாக ஆயிரம், ஐந்நூறு கட்டுவதைத்தான் சொல்கிறேன். சலுகையும் வராது, வட்டியும் அடங்காது, எட்டு வருடம் மட்டும் ஓடத் தொடங்கிவிடும். அந்தப் பணத்தை ஒரு ஆர்.டி.யில் போட்டுவைத்து முதல் தவணையோடு சேர்த்துக் கட்டியிருக்கலாம்.

அப்பாவிடம் 31,000 என்ற தொகையை இன்னும் சொல்லவில்லை. எட்டு வருடம் முடிந்துவிட்டது என்று மட்டும் சொன்னேன். "அப்ப இந்த வருஷம் சான்றிதழ் வாங்கப் போக வேண்டாமா?" என்று கேட்டார்.